கையில் காசு கூடினால் ரேஷன் அரிசி என்ன ஆகும்? இயல்புப் பண்டம், தாழ்நிலைப் பண்டம்: கேள்வி பதில்

இயல்புப் பண்டம், தாழ்நிலைப் பண்டம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

விலைவாசி அப்படியே இருக்க, குடும்பத்தின் வருமானம் மட்டும் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எந்தப் பொருளை முன்பைவிட அதிகமாக வாங்குகிறார்களோ அது அந்தக் குடும்பத்துக்கு இயல்புப் பண்டம். எதைக் குறைத்துக்கொள்கிறார்களோ அது தாழ்நிலைப் பண்டம். பால், பழம், கறி, துணிமணி, பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் பெரும்பாலான வீடுகளில் முதல் வகை. ரேஷன் அரிசி, விறகு, மண்ணெண்ணெய் ஆகியவை தமிழ்நாட்டில் பல வீடுகளில் இரண்டாம் வகை.

இங்கே "அந்தக் குடும்பத்துக்கு" என்பதுதான் முக்கியம். பொருளின் மேல் ஒட்டி வருகிற முத்திரை இல்லை இது. பொருளும் வாங்குகிறவரின் வருமான நிலையும் சேர்ந்துதான் வகையைத் தீர்மானிக்கின்றன.

ரேஷன் அரிசி தரம் குறைவு என்பதால்தானே அதைத் தாழ்நிலைப் பண்டம் என்கிறார்கள்?

தரத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. சில மாதங்களில் ரேஷன் கடைக்கு நல்ல அரிசியே வரும். அந்த மாதமும் கையில் காசு இருக்கிற வீட்டுக்காரர் மளிகைக் கடையில் பொன்னி மூட்டைதான் தூக்குவார். வருமானம் கூடியதும் வாங்கும் அளவு எந்தப் பக்கம் நகர்கிறது என்பது ஒன்றுதான் அளவுகோல். தரம் குறைந்த பொருள்கள் பல இந்த வகைக்குள் வந்து விழுவது உண்மைதான், ஆனால் அது விளைவு. வருமானம் கூடக்கூட அதிகம் விற்கும் மட்டமான பொருளும் இருக்கலாம். ஒரு மாதத்தில் சாயம் போய்விடும் மலிவு விலை விளையாட்டுச் சாமான் கையில் காசு புரளும் வீட்டில்தான் அதிகம் கிடக்கும். பொருளாதாரக் கணக்கில் அது இயல்புப் பண்டம்.

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா? பாடப்புத்தகத்தில் படித்தால் புரிகிற மாதிரி இருக்கிறது, அப்புறம் மறந்துவிடுகிறது.

சரி, கணக்குக்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கணவர் கட்டட வேலையில் கையாளாக இருந்து கொத்தனார் ஆகிறார். மாத வருமானம் 18,000 ரூபாயிலிருந்து 24,000 ஆகிறது. கூடியது 6,000, அதாவது மூன்றில் ஒரு பங்கு, சுமார் 33 சதவீதம். விலைகள் மாறவில்லை என்று கொள்வோம்.

இவர்களிடம் அரிசி அட்டை இருக்கிறது. மாதம் 20 கிலோ விலையில்லா அரிசி. தமிழ்நாட்டில் இது 2011 ஜூனிலிருந்து இலவசம். அதற்கு முன் 2008 செப்டம்பரிலிருந்து கிலோ ஒரு ரூபாய், 2006-இல் இரண்டு ரூபாய். வருமானம் 18,000 ஆக இருந்தபோது அந்த 20 கிலோவையும் சமைத்தார்கள். போதாததற்குக் கடையில் 10 கிலோ பொன்னி வாங்கினார்கள். மதியம் பொன்னி, இரவுக்கும் காலைப் பழையதுக்கும் ரேஷன் அரிசி.

24,000 வந்த பிறகு இரவுச் சோறும் பொன்னிக்கு மாறியது. கடை அரிசி 16 கிலோ ஆனது. ரேஷன் அரிசியில் 12 கிலோ மட்டும் வீட்டுச் சமையலுக்கு. அதிலும் பெரும்பகுதி இட்லி, தோசை மாவுக்கு ஊறப்போடத்தான். ரேஷன் புழுங்கலரிசி கடைசிவரை வீட்டை விட்டுப் போகாமல் நிற்பது இந்த மாவு டப்பாவில்தான். மாவாக அரைத்த பிறகு சோற்றில் தெரிகிற வித்தியாசம் நாக்குக்குத் தெரிவதில்லை. மீதி 8 கிலோ கோழிக்குப் போகும், கேட்கிற யாருக்காவது போகும்.

இப்போது வருமான நெகிழ்ச்சியைப் பார்ப்போம். சூத்திரம் ஒரே வரிதான்:

```
வருமான நெகிழ்ச்சி = அளவில் வந்த மாற்றம் (%) ÷ வருமானத்தில் வந்த மாற்றம் (%)
```

ரேஷன் அரிசி 20 கிலோவிலிருந்து 12 கிலோ ஆனது, 40 சதவீதக் குறைவு. 40-ஐ 33.3-ஆல் வகுத்தால் 1.2. குறைந்திருப்பதால் முன்னால் கழித்தல் குறி: −1.2. கழித்தல் குறி வந்தாலே தாழ்நிலைப் பண்டம். கடை அரிசி 10-லிருந்து 16 கிலோ, 60 சதவீதம் கூடியது. நெகிழ்ச்சி +1.8. துவரம் பருப்பு 2 கிலோவிலிருந்து இரண்டரைக் கிலோ ஆனது என்று வைத்தால் +0.75.

பருப்பும் கடை அரிசியும் இரண்டுமே இயல்புப் பண்டம்தான். ஆனால் பருப்பு வருமானத்தின் வேகத்துக்குக் கூடவில்லை. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் இருப்பதை அத்தியாவசியப் பண்டம் என்றும், ஒன்றைத் தாண்டினால் ஆடம்பரப் பண்டம் என்றும் சொல்வார்கள். அந்தக் கணக்கில் இந்த வீட்டுக்குப் பொன்னி அரிசி ஆடம்பரம்! சிரிப்பு வரலாம், ஆனால் ரேஷன் அரிசியிலிருந்து மேலே ஏறுகிற வீட்டில் உண்மையிலேயே முதல் ஆடம்பரம் அதுதான்.

இன்னொன்று. முன்பு இந்த வீட்டில் ஆட்டுக்கறி வாங்கியதே இல்லை, இப்போது மாதம் அரைக் கிலோ வாங்குகிறார்கள் என்றால் இந்தச் சூத்திரம் கைவிரித்துவிடும். பூஜ்யத்திலிருந்து எத்தனை சதவீதம் கூடியது என்று கணக்கிட முடியாது. அங்கே "புதிதாக வந்து சேர்ந்த பொருள்" என்று குறித்துக்கொண்டு நகர வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் சம்பளம் கூடிய பிறகு அரிசிக்கான செலவும் கூடியிருக்கிறது. அப்படியானால் அரிசி இயல்புப் பண்டம்தானே?

பலரும் சறுக்குகிற இடம் இது. மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த அரிசி முன்பு 30 கிலோ, இப்போது 12-ம் 16-ம் சேர்த்து 28 கிலோ. அதாவது சோறு கொஞ்சம் குறைந்திருக்கிறது. அந்த இடத்தில் முட்டையோ சப்பாத்தியோ வந்திருக்கும். செலவைப் பாருங்கள். கடை அரிசி கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் முன்பு 600 ரூபாய், இப்போது 960. ரேஷன் அரிசிக்கு இரண்டு காலத்திலும் செலவில்லை.

ஆக, கிலோவில் பார்த்தால் மொத்த அரிசியின் நெகிழ்ச்சி −0.2, தாழ்நிலைப் பண்டம். ரூபாயில் பார்த்தால் +1.8, ஆடம்பரப் பண்டம். ஒரே வீடு, ஒரே அடுப்பு, இரண்டு விடை. எது சரி?

கேள்வி அளவைப் பற்றியது என்பதால் கிலோவைத்தான் பார்க்க வேண்டும். ரூபாயில் கூடியது, மலிவான ரகத்திலிருந்து விலை கூடிய ரகத்துக்குத் தாவியதால் வந்தது. அதைத் தனியாக "ரகம் உயர்தல்" என்று எழுதிக்கொள்ளலாம். மளிகைச் சீட்டின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் இந்த இரண்டும் கலந்துவிடும்.

இதிலிருந்தே இன்னொரு விஷயமும் தெரிகிறது. "அரிசி" என்று ஒரே பெயரில் கட்டிவைத்துப் பார்த்தால் ஒரு விடை, "ரேஷன் அரிசி", "பொன்னி" என்று பிரித்துப் பார்த்தால் வேறு விடை. கட்டு பெரிதாகப் பெரிதாக அது இயல்புப் பண்டமாகத் தெரியவே வாய்ப்பு அதிகம். "உணவு" என்று மொத்தமாகச் செலவைப் பார்த்தால் அது இயல்புப் பண்டமாகவே வரும். உள்ளே பிரித்தால்தான் எது எதைத் தள்ளிவிட்டு வந்தது என்பது தெரியும்.

வருமானம் கூடினால் சாப்பாட்டுச் செலவின் பங்கு குறையும் என்கிறார்களே. அப்போ சாப்பாடே தாழ்நிலைப் பண்டமா?

இல்லை. பங்கு குறைவது வேறு, அளவு குறைவது வேறு. 18,000 வருமானத்தில் 9,000 சாப்பாட்டுக்குப் போனது, 24,000-இல் 10,800 போகிறது என்றால், செலவு 1,800 ரூபாய் கூடியிருக்கிறது. பங்கு மட்டும் 50 சதவீதத்திலிருந்து 45 ஆக இறங்கியிருக்கிறது. இது அத்தியாவசியப் பண்டத்தின் அடையாளம், அவ்வளவுதான்.

இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் எர்ன்ஸ்ட் எங்கல். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புள்ளியியல் அலுவலகத்தை நடத்தியவர். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளை வைத்து 1857-இல் வெளியிட்டார். நம் நாட்டிலும் அதே போக்குத்தான். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமப்புறக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 1999-2000-இல் சுமார் 59 சதவீதம், 2022-23-இல் சுமார் 46 சதவீதம். அதற்குள் அரிசி, கோதுமை போன்ற தானியங்களின் பங்கு சுமார் 22-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

தானிய விஷயத்தில் பங்கு மட்டும் அல்ல, அளவும் குறைந்திருக்கிறது. கிராமத்தில் ஒரு ஆள் மாதத்துக்கு 1993-94-இல் 13.4 கிலோ தானியம் சாப்பிட்டார். 2022-23-இல் 9.6 கிலோ. இதைப் பார்த்ததும் "தானியம் தாழ்நிலைப் பண்டம் ஆகிவிட்டது" என்று எழுதிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்த முப்பது வருடத்தில் வருமானம் மட்டும் மாறவில்லை. ஏற்றம் இறைத்து, கையால் நெல் குத்தி, மைல்கணக்கில் நடந்த உடம்புக்குத் தேவைப்பட்ட சோறு மோட்டாரும் பைக்கும் வந்த பிறகு தேவைப்படவில்லை. கலோரி குறைந்ததைப் பற்றி 2009-இல் எழுதிய பொருளாதார அறிஞர்கள் ஆங்கஸ் டீட்டனும் ஜான் திரேசும் இந்தக் காரணத்தையும் முன்வைத்தார்கள். ஆகவே அந்தக் குறைவில் எவ்வளவு வருமானத்தால் வந்தது என்பது தனிக் கணக்கு.

கம்பும் கேழ்வரகும் ஏழை சாப்பாடு என்றார்கள். இப்போது பணக்காரர்கள்தான் வாங்குகிறார்கள். இது எந்த வகை?

இரண்டுமே சரி, வேறு வேறு வருமானப் படிகளில். ஒரு தலைமுறைக்கு முன் வானம் பார்த்த பூமியில் அன்றாடச் சாப்பாடு கம்பங்கூழும் களியும்தான். நெல்லுச் சோறு விருந்தாளி வந்தால், பண்டிகை வந்தால். கையில் காசு கூடியதும் வீடுகள் முதலில் விட்டது கூழை, பிடித்துக்கொண்டது அரிசியை. மலிவான ரேஷன் அரிசி அந்தத் தாவலை இன்னும் எளிதாக்கியது. அந்தப் படியில் கம்பு சுத்தமான தாழ்நிலைப் பண்டம்.

இன்று நகரத்துக் கடையில் அரைக் கிலோ கண்ணாடித்தாள் பொட்டலமாக விற்கும் சாமையை, வரகை, கம்பு அவலை வாங்குவது வசதியான வீடு. அங்கே அது இயல்புப் பண்டம். ஆனால் இரண்டாவது தாவலை வருமானத்தின் கணக்கில் மட்டும் எழுத எனக்குச் சம்மதமில்லை. சர்க்கரை நோய் பயமும் மருத்துவர் சொன்னதும் அதில் பெரும்பங்கு. அது விருப்பம் மாறியது. வருமானம் கூடாமலே கூட, சர்க்கரை அளவைப் பார்த்த மறுநாள் கேழ்வரகு மாவு வாங்குகிறவர்கள் நிறைய.

மேலே பார்த்த கொத்தனார் வீட்டிலும் இதே மாதிரி வளைவு வரலாம். அவர் மேஸ்திரி ஆகி வருமானம் 45,000 தொட்டால், பொன்னியும் 16 கிலோவிலிருந்து 18 வரை ஏறி, பிறகு கோதுமை, ஓட்டல் பிரியாணி வந்து 15-க்கு இறங்கும். அன்றைக்கு ஆடம்பரமாக இருந்த பொன்னி அதே வீட்டில் தாழ்நிலைப் பண்டம் ஆகிவிடும்.

சம்பளம் கூடியும் எங்கள் வீட்டில் வாங்குகிற பொருள் ஒன்றும் மாறவில்லையே, ஏன்?

முதலில் சம்பளம் உண்மையில் கூடியதா என்று பாருங்கள். 20,000 சம்பளம் 21,200 ஆனது, அதே வருடத்தில் விலைவாசியும் 6 சதவீதம் ஏறியது என்றால் உங்கள் கையில் கூடியது ஒன்றுமில்லை.

இரண்டாவது, கூடிய பணம் நிற்குமா என்பது. தீபாவளி போனஸ் வந்தால் யாரும் அந்த மாதத்திலிருந்து தினம் அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்க ஆரம்பிப்பதில்லை. நகைக்கடன் வட்டி கட்டுவார்கள், கிரைண்டர் மாற்றுவார்கள். மாதாந்திர மளிகை மாறுவது, வருமானம் இனி இப்படித்தான் வரும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான். பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1957-இல் எழுதிய நிலையான வருமானக் கருத்தின் சாரம் இதுதான். கட்டட வேலைக்காரர் வீட்டில் இது இன்னும் மெதுவாக நடக்கும். மழைக்காலத்தில் வேலை நிற்கும் என்று தெரிந்தவர் சித்திரையில் கிடைத்த கூலியை நம்பி ரேஷன் அரிசியை நிறுத்திவிட மாட்டார்.

உப்பு எந்த வகை?

கிட்டத்தட்ட இரண்டிலும் இல்லை. வருமானம் இரட்டிப்பானாலும் குழம்பில் இரண்டு மடங்கு உப்புப் போட முடியாதே. நெகிழ்ச்சி பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றதும் என் மனைவி அடிக்கடி பஸ்ஸில் போகிறாள். பஸ் இயல்புப் பண்டமா?

இதை வைத்துச் சொல்ல முடியாது. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது விலை மாற்றம். வருமான மாற்றம் இல்லை. விலை இறங்கினால் இயல்புப் பண்டமும் அதிகம் வாங்கப்படும், தாழ்நிலைப் பண்டமும் பெரும்பாலும் அதிகம் வாங்கப்படும்.

வருமானத்தின் வேலையைப் பார்க்க வேண்டுமானால், கட்டணம் அப்படியே இருக்கும்போது சம்பளம் கூடிய வீடு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்கூட்டி வாங்கி, பஸ்ஸில் ஏறுவது குறைந்தால் அந்த வீட்டுக்கு நகரப் பேருந்து தாழ்நிலைப் பண்டம். அதே வீடு ஊருக்குப் போக ஏசி பஸ்ஸில் டிக்கெட் போடுகிறது என்றால் அது இயல்புப் பண்டம். இங்கும் "பஸ்" என்று மொத்தமாகக் கட்டிவிடக் கூடாது.

விலை ஏறினால் அதிகம் வாங்கும் பொருள்கூட இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம்தான், ஆனால் அபூர்வம். கிஃபன் பண்டம் என்பார்கள். மிக ஏழைக் குடும்பம், வயிறு நிரம்புவது பெரும்பாலும் ஒரே தானியத்தால், பக்கத்தில் கொஞ்சமாகக் கறி. அந்தத் தானியத்தின் விலை ஏறினால் அந்த வீடு இன்னும் ஏழையாகிறது. கறியை வெட்டிவிடுகிறார்கள். கறி போன இடத்தை நிரப்ப, விலை ஏறியும், அதே தானியத்தையே கூடுதலாக வாங்குகிறார்கள். வேறு எதை வாங்கினாலும் அந்தக் காசுக்கு வயிறு நிரம்பாது.

பொருளாதார ஆய்வாளர்கள் ராபர்ட் ஜென்சனும் நோலன் மில்லரும் சீனாவின் ஹுனான் மாகாணத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி விலையில் சலுகைச் சீட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். அரிசி மலிவானதும் அந்த வீடுகள் அரிசியைக் குறைத்துக்கொண்டன. பரம ஏழைகளிடம் இது அவ்வளவு தெளிவாக இல்லை என்பதும் அவர்கள் கண்டதே. அடிப்படைப் பசி தீராதவர்களுக்கு வெட்டுவதற்குக் கறியே இருக்காது.

கிஃபன் பண்டம் எல்லாமே தாழ்நிலைப் பண்டம். தாழ்நிலைப் பண்டங்களில் மிகச் சிலதான் கிஃபன் பண்டம். தேர்வில் இதைத் தலைகீழாக எழுதிவிடாதீர்கள்.

எல்லாப் பொருளுமே ஒரு வீட்டுக்குத் தாழ்நிலைப் பண்டமாக இருக்க முடியுமா?

முடியாது. கூடிய பணம் எங்காவது போயாக வேண்டும், சேமிப்பாகவாவது. எல்லாவற்றையும் குறைத்தால் மீதிப் பணம் எங்கே?

எங்கள் வீட்டில் எது தாழ்நிலைப் பண்டம் என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

வருமானம் கூடுவதற்கு முந்தைய சில மாதங்களையும் பிந்தைய சில மாதங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடிய உடனே வரும் முதல் மாதம் வேண்டாம், அது பழக்கத்தில் ஓடும். கார்த்திகையைச் சித்திரையோடு ஒப்பிடாதீர்கள், போன கார்த்திகையோடு ஒப்பிடுங்கள். ரூபாயை விட்டுவிட்டுக் கிலோ, லிட்டர், எண்ணிக்கை என்று எழுதுங்கள். ரகம் மாறியிருந்தால் தனி வரியாக எழுதுங்கள்.

பிறகு வருமானம் அல்லாத காரணங்களைக் கழித்துக்கட்ட வேண்டும். மகன் சென்னைக்கு ஹாஸ்டலுக்குப் போயிருந்தால் அரிசி குறைவது இயல்பு, அதனால் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். மனைவி வேலைக்குப் போக ஆரம்பித்ததால் வருமானம் கூடியது என்றால் இன்னும் சிக்கல். வருமானம் கூடியது, வீட்டில் நேரம் குறைந்தது, இரண்டும் ஒன்றாக நடக்கிறது. பாக்கெட் மாவு வீட்டுக்குள் வந்தது காசு கூடியதாலா, அரைக்க நேரமில்லாததாலா? அந்த ஒரு வீட்டை வைத்துப் பிரிக்க முடியாது.

ரேஷன் பொருளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அட்டையில் வாங்கியதாகப் பதிவான அளவை எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். அரிசி வேண்டாதவர்களுக்கு NPHH-S என்ற சர்க்கரை அட்டையும், எந்தப் பொருளும் வேண்டாதவர்களுக்கு NPHH-NC அட்டையும் இருக்கின்றன. ஆனாலும் சோறு சமைக்காத வீடுகள் பல அரிசி அட்டையை விடுவதில்லை. 2021 பொங்கலுக்கு 2,500 ரூபாய் அரிசி அட்டைக்குத்தான் கொடுத்தார்கள், அப்படியிருக்க யார் விடுவார்கள்? அரிசியை வாங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். பதிவில் 20 கிலோ அப்படியே நிற்கும், நெகிழ்ச்சி பூஜ்யம் என்று வரும். உண்மையான அளவு வேண்டுமானால் சமையலறையில் இருப்பவரைக் கேளுங்கள்: இந்த மாதம் உலையில் போட்டது எத்தனை படி, மாவுக்கு ஊறப்போட்டது எத்தனை படி, கோழிக்குப் போனது எவ்வளவு என்று.